கண்டியில் வீட்டுச் சமையலும் விநியோக வட்டமும்: 'கிளவுட் கிச்சன்' தொடங்க எண்ணுவோருக்கு

கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டில் சமைத்து விற்கலாமா என்று யோசிக்கும் தாய்மார் மூன்று கேள்விகளோடு வருகிறார்கள். எந்தச் சாப்பாட்டைச் சமைப்பது? எவ்வளவு தூரம் வரை அனுப்புவது? தொடங்க எவ்வளவு பணம் வேண்டும்? பெரும்பாலானோர் இக்கேள்விகளை இதே வரிசையில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேடுகிறார்கள். நமது கருத்தின்படி இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை காண வேண்டும். தூரம் எதுவென்று தெரிந்தால் எந்தச் சாப்பாடு என்பது தெரியும். சாப்பாடு எதுவென்று தெரிந்தால் எவ்வளவு பணம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வோம். 'கிளவுட் கிச்சன்' என்பது மேசை, கதிரை, பரிமாறுபவர் எதுவும் இல்லாத உணவகம். சமையலறை மட்டுமே உண்டு. வாடிக்கையாளர் தொலைபேசி மூலம் ஓடர் கொடுப்பார், சாப்பாடு அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். இந்தியாவின் பூனே நகரில் 2004 இல் ஃபாசோஸ் என்ற பெயரில் இறைச்சி ரோல் விற்கும் கடையாகத் தொடங்கிய நிறுவனம், பின்னர் கடைகளைக் குறைத்துக்கொண்டு விநியோகத்துக்கு மட்டும் சமைக்கத் தொடங்கியது. இன்று ரெபெல் ஃபூட்ஸ் என்ற பெயரில் அது ஒரே சமையலறையிலிருந்து பிரியாணிக்கு ஒரு பெயர், பீட்சாவுக்கு இன்னொரு பெயர் என்று பல பெயர்களில் விற்கிறது. இலங்கையில் ஊபர் ஈட்ஸ் 2018 இல் கொழும்பில் தொடங்கியது. பிக்மீ நிறுவனமும் உணவு விநியோகத்தில் இறங்கியது. பின்னர் இவ்விரண்டும் கண்டிக்கும் வந்தன.

பெயர் புதிது, தொழில் பழையது. அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தனுப்பும் பெண்கள் கண்டியில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை ஒதுக்கிவிட்டுக் கைத்தொலைபேசிச் செயலியிலிருந்து பாடம் கற்கத் தொடங்குவது புத்திசாலித்தனமல்ல.

தூரத்தை நிமிடத்தால் அளத்தல்

கண்டி ஒரு கிண்ணத்தின் அடியில் கட்டப்பட்ட நகரம். சுற்றிலும் மலை, நடுவில் வாவி. நகருக்குள் வரவும் போகவும் உள்ள பெருவழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னக்கும்புரைப் பக்கம், அம்பிட்டியப் பக்கம். சமதரையில் உள்ள ஓர் ஊரில் வீட்டை நடுவில் வைத்து ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் வரையலாம். கண்டியில் அவ்வாறு வரைந்த வட்டம் ஏமாற்றிவிடும். வரைபடத்தில் ஒரு கிலோமீற்றர் தொலைவில் தெரியும் வீடு, மலையைச் சுற்றிப் போனால் நாலு கிலோமீற்றரில் இருக்கும்.

நேரமும் அப்படியே. மதியம் 12 மணிக்குப் பேராதனை வீதியில் ஓடும் வண்டி 1.30 மணிக்கு ஊர்ந்துதான் செல்லும். நகருக்குள் பெரிய பாடசாலைகள் பல நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பாடசாலை விடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வான்கள் வீதியோரத்தில் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டைக் கொண்டு செல்வோருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: பார்சல் 1 மணிக்கு முன் கைமாறிவிட வேண்டும்.

ஆகவே வட்டத்தை நிமிடத்தால் அளக்க வேண்டும். முறை எளிது. நீங்கள் விற்க எண்ணும் இடங்கள் நான்கைந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைநாட்கள் மூன்றில், மதியம் 12.15 மணிக்கு வீட்டு வாசலிலிருந்து ஓட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ போய்ப் பாருங்கள். புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாட்களில் ஒன்றாவது மழை நாளாக இருந்தால் நல்லது. ஆகக் குறைந்த நேரத்தை விட்டுவிட்டு ஆகக் கூடிய நேரத்தையே கணக்கில் எடுங்கள்.

ஓட்ட நேரம் மட்டும் போதாது. ஒரு பார்சலின் பயணத்தை முழுதாகப் பார்ப்போம். சட்டியிலிருந்து எடுத்துக் கட்ட 5 நிமிடம். கொண்டு போகிறவர் வந்து சேரும் வரை மேசையில் 7 நிமிடம். வீதியில் 15 நிமிடம். வாடிக்கையாளரின் படலை தெரியாமல் கேட்டு, படியேறிக் கொடுக்க 5 நிமிடம். அவர் கை கழுவிவிட்டு வந்து அமர இன்னும் 10 நிமிடம். எல்லாம் கூட்டினால் 42 நிமிடம். வீதியில் ஓடியது 15 நிமிடமே என்றாலும், சோறு மூடியபடி இருந்தது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இங்கே ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சமைப்பவரின் வீடு எங்கே இருக்கிறது? மலைச்சரிவில் ஐம்பது படிக்கட்டுகளுக்கு மேலே வீடு இருந்தால், ஒவ்வோர் ஓடருக்கும் பையன் ஏறி இறங்க வேண்டும். செயலி மூலம் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு முறை அப்படி ஏறியபின் மூன்றாம் முறை உங்கள் ஓடரை ஏற்கத் தயங்குவார். இப்படியான வீடுகளில் உள்ளோர், வீதியோரத்தில் உள்ள உறவினர் வீட்டிலோ தெரிந்த கடையிலோ பார்சலைக் கொடுத்து வைக்க ஓர் இடத்தை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். புதிய அடுப்பு வாங்குவதைவிட இது அவசியம்.

எந்தச் சாப்பாடு பயணம் தாங்கும்?

கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகத்துக்குப் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள ஒழுங்கு தெரியும். பெண்கள் தங்கள் தங்கள் இடத்தில் நின்று, நம்மூர்த் தானியங்களிலும் கிழங்குகளிலும் உள்ளூர்ப் பலகாரங்களைக் கண்முன்னே செய்து கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் சில வகைகளையே செய்கிறார்கள், அதை நன்றாகச் செய்கிறார்கள். வீட்டிலிருந்து விற்க எண்ணுவோர் இதைப் பின்பற்றலாம். ஆனால் அங்கே விலைப்படும் பண்டத்தை அப்படியே வீட்டிலிருந்து அனுப்பலாம் என்று எண்ணினால் பிழைத்துவிடும். கல்லிலிருந்து எடுத்த கையோடு தின்பதனால்தான் அங்கே அதற்குச் சுவை. அரை மணி நேரம் பெட்டிக்குள் அடைபட்டுப் போனால் அது வேறு பண்டம்.

தோசையின் மொறுமொறுப்புப் பத்து நிமிடத்தில் போய்விடும். அப்பத்தின் ஓரம் அதைவிட விரைவில் துவளும். கொத்துரொட்டி சூட்டோடு மூடப்பட்டால் தன் ஆவியிலேயே வெந்து களியாகிவிடும். அத்துடன் மாலை ஆறு மணிக்குப் பின் கண்டியில் கொத்துச் சத்தம் கேட்காத சந்தி எது? அதோடு போட்டியிட வீட்டுச் சமையல்காரருக்கு ஒரு காரணமும் இல்லை. இடியப்பம் ஓரளவு தாங்கும், ஆனால் சொதியைத் தனியே கட்ட வேண்டும். பிட்டு நன்றாகத் தாங்கும். சோறும் கறியும் தாங்கும். பிரியாணி தாங்குவது மட்டுமல்ல, மூடியிருக்க இருக்கச் சுவை கூடும்.

பயணத்துக்கென்றே பிறந்தது போன்ற ஒரு சாப்பாடும் நம் நாட்டில் உண்டு. பறங்கியரின் லம்ப்ரைஸைச் சொல்கிறோம். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, இறைச்சிக் கறி, சிறிய இறைச்சி உருண்டைகள், கத்தரிக்காய், சாம்பல் வாழைக்காய், சீனிச் சம்பல் எல்லாவற்றையும் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கட்டி, அந்தப் பொதியையே சூளையில் சுடுவார்கள். கறிகள் எல்லாம் வற்றிய பதத்தில் இருக்கும், ஒழுகுவதற்கு எதுவுமில்லை. இலையின் மணம் சோற்றில் ஏறும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தாலும் குறையில்லை. லம்ப்ரைஸ்தான் செய்ய வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. குழம்பை வற்றவைப்பது, வாட்டிய இலையில் கட்டுவது, நீர் விடும் கறியைத் தவிர்ப்பது என்ற அதன் முறைகள் எந்தச் சோற்றுப் பார்சலுக்கும் பொருந்தும்.

சமைத்துப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு சோதனை உண்டு. விற்க நினைக்கும் சாப்பாட்டை விற்பது போலவே கட்டி, பையில் போட்டு, 45 நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு பிரித்து உண்ணுங்கள். சமைத்தவர் மட்டும் உண்டால் போதாது, முகதாட்சணியம் பார்க்காமல் குறை சொல்லும் ஒருவருக்கும் கொடுங்கள். சோற்றின் அடியில் நீர் கோத்திருக்கிறதா? அப்பளம் நமுத்துவிட்டதா? பருப்பு மரக்கறியோடு கலந்துவிட்டதா? இவற்றுக்கு மருந்து பெரும்பாலும் கட்டும் விதத்திலேயே இருக்கிறது. சோற்றின் வெள்ளாவி போகச் சில நிமிடம் விட்டுக் கட்டுதல், அப்பளத்தைத் தனித் தாளில் சுற்றுதல், குழம்பைத் தனிச் சிமிழில் வைத்தல் ஆகியவை அவை. அவ்வளவு செய்தும் சரிவராத பண்டத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

சுவை கெடுவது ஒரு நட்டம். சாப்பாடே பழுதாவது அதைவிடப் பெரிய ஆபத்து. சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், இல்லையேல் 5 பாகைக்குக் கீழே குளிராக வைக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். சோற்றில் ஒருவகைக் கிருமியின் விதைபோன்ற வித்திகள் கொதித்த பின்னும் உயிரோடு இருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. விடியற்காலை நாலு மணிக்குச் சோறு வடித்து மதியம் அனுப்புவது இதனால்தான் கூடாது. கறிகளை முன்கூட்டிச் சமைத்து மறுபடி கொதிக்கவைக்கலாம், சோறு மட்டும் 10.30 மணிக்குப் பின் இறங்கட்டும். தேங்காய்ச் சம்பலைச் சூடான சோற்றின்மேல் வைத்துக் கட்டினால் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக வதக்கிய சீனிச் சம்பல் வைத்தால் பார்சலும் தாங்கும், சமைப்பவரும் காலையில் தேங்காய் துருவும் வேலையிலிருந்து தப்புவார்.

கட்டும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான பொலித்தீன் லன்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டன. மக்கும் லன்ச் சீற் கடைகளில் கிடைக்கிறது. சூடான எண்ணெய் பட்டால் அது இளகக்கூடும். உள்ளே ஒரு துண்டு வாழையிலை வைத்துக் கட்டினால் அந்தக் குறை நீங்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முல்கம்பொலையில் வீதியோரமாக வீடுள்ள ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். கண்டி தேசிய வைத்தியசாலை ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றரில் இருக்கிறது. அங்கே பணி செய்வோர் உண்டு, நோயாளரைப் பார்க்க வருவோர் உண்டு. மறுபக்கம் கெட்டம்பை, அதற்கப்பால் பேராதனை. அவர் வேலைநாட்களில் மதியச் சோற்றுப் பார்சல் விற்க எண்ணுகிறார். கீழே தரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தத்தம் சந்தை விலையை இட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு பார்சலுக்கு அரிசி, மீன் அல்லது கோழி, மூன்று மரக்கறி, அப்பளம் எல்லாம் சேர்த்து 230 ரூபா. இலை, சீற், பை 30 ரூபா. எரிவாயு 20 ரூபா. ஆக 280 ரூபா. விற்பனை விலை 500 ரூபா.

செயலி மூலம் விற்றால் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விற்பனை விலையில் 25 முதல் 30 வீதம் வரை போகும் என்று வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வீதத்தைக் கையொப்பமிடுமுன் வாசித்து உறுதிசெய்துகொள்வது அவரவர் பொறுப்பு. 30 வீதமென்றால் 500 இல் 150 போய் 350 மிஞ்சும். அதில் செலவு 280. கையில் நிற்பது 70 ரூபா. இதை ஈடுசெய்யச் செயலியில் விலையை 650 ஆக்கினால் 195 போய் 455 மிஞ்சும், கையில் 175 நிற்கும். கணக்குச் சரிதான். ஆனால் வாங்குபவர் 650 உடன் விநியோகக் கட்டணமும் கொடுக்க வேண்டும். சந்திக் கடையில் ஐந்நூறுக்குக் கிடைக்கும் சோற்றுக்கு ஒருவர் எத்தனை நாள் எண்ணூறு கொடுப்பார்?

இப்போது வேறொரு வழி. மும்பையில் 1890 அளவில் தொடங்கிய டப்பாவாலாக்களின் முறையை நினைத்துப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டை ரயிலிலும் சைக்கிளிலும் அலுவலகங்களுக்குக் கொண்டு செல்லும் இவர்கள் தனித்தனி ஓடருக்குத் தனித்தனியாக ஓடுவதில்லை. அதே பாதை, அதே நேரம், அதே ஆட்கள், மாதக் கட்டணம். அதனால் ஒரு டப்பாவுக்கு ஆகும் செலவு சிறிது. நமது தாயும் அயலில் உள்ள ஓட்டோக்காரர் ஒருவரோடு பேசி, 12 மணிக்குப் புறப்பட்டு வைத்தியசாலை, வங்கிகள், சில கடைகள் என்று ஒரே சுற்றில் போய் வர 1,440 ரூபாவுக்கு ஒழுங்கு செய்கிறார் என்று கொள்வோம். 24 பார்சல் போனால் ஒன்றுக்கு 60 ரூபா. 500 இலிருந்து 280 உம் 60 உம் போக 160 நிற்கும். வாங்குபவர் கொடுப்பது ஐந்நூறு மட்டுமே.

24 பார்சலுக்கு 160 ரூபாப்படி 3,840 ரூபா. காலையில் நறுக்கவும் கட்டவும் உதவிக்கு வரும் பெண்ணுக்கு 1,200 ரூபா. விலைப்படாமல் மிஞ்சும் இரண்டு பார்சலுக்கு 560 ரூபா. நாளின் முடிவில் 2,080 ரூபா. மாதத்தில் 22 நாளென்றால் 45,760 ரூபா.

ஆனால் அதே ஓட்டோ 15 பார்சலோடு போனால் என்ன ஆகும்? ஓட்டோக்காரர் கூலியைக் குறைக்க மாட்டார். ஒரு பார்சலுக்குப் போக்குவரத்து 96 ரூபாவாகி, நிற்பது 124 ஆகும். பதினைந்துக்கு 1,860. அதிலிருந்து உதவியாளருக்கும் மிச்சப் பார்சலுக்கும் கொடுத்தால் மிஞ்சுவது 100 ரூபா. விடியற்காலை தொடங்கி மதியம் வரை உழைத்ததற்கு நூறு ரூபா! பதினைந்துக்கும் இருபத்துநான்குக்கும் இடையிலுள்ள அந்த ஒன்பது பார்சலில்தான் இந்தத் தாயின் வருமானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாதக் கணக்கில் முன்பணம் கொடுத்து வாங்கும் பத்துப் பேரை முதலில் பிடிக்காமல் உதவிக்கு ஆளோ ஓட்டோவோ அமர்த்தக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான். முதல் இரண்டு மூன்று வாரம் பத்துப் பார்சல், வீட்டாரே உதவி, கொண்டு போக மகனின் மோட்டார் சைக்கிள் என்றிருப்பது நல்லது.

அப்படியானால் செயலி வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு சாப்பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணியோ லம்ப்ரைஸோ 1,400 ரூபாவுக்கு விற்றால், 30 வீதமான 420 போய் 980 மிஞ்சும். பொருட்செலவு 620 என்றாலும் கையில் 360 நிற்கும். வாங்குபவரும் விசேட சாப்பாட்டுக்கு விநியோகக் கட்டணம் கொடுக்கச் சலிக்க மாட்டார், பண்டமும் நெடுந்தூரம் தாங்கும். கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ உள்ள குடும்பம் ஒன்று நான்கு பொதியாக வாங்கும். எவ்வளவு தூரம் வரை உங்கள் பெயரைக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே தீர்மானிப்பதால், செயலியில் போடும் பண்டம் அந்தத் தூரத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், விலை குறைந்த சாப்பாடு கிட்ட உள்ளவருக்குச் சொந்த ஏற்பாட்டில் போகட்டும். விலை கூடியது தூர உள்ளவருக்குச் செயலி வழியே போகட்டும்.

ரெபெல் ஃபூட்ஸைப் போலப் பல பெயர்களில் பல வகை விற்கலாமே என்று கேட்போரும் உண்டு. பெரிய நிறுவனத்துக்கு அது சரி. வீட்டுச் சமையலறையில் வகை கூடக் கூடக் குளிர்சாதனப் பெட்டியில் மிச்சம் கூடும். ஒரே அரிசி, ஒரே வதக்கிய வெங்காயம், ஒரே கோழி ஆகியவற்றிலிருந்து கிளைக்கும் மூன்று நான்கு வகைகளோடு நின்றுகொள்வது உத்தமம்.

தொடங்கும் செலவு

இவ்வளவும் தெரிந்தபின் முதல் என்பது அவ்வளவு பயமுறுத்தும் விடயமல்ல. மேலே சொன்ன தாய்க்கு வேண்டியவை: இரண்டு பெரிய சட்டி, ஒரு பெரிய சோற்றுப் பானை, நல்ல தராசு, உணவின் சூட்டைப் பார்க்கும் வெப்பமானி, சூடு காக்கும் பெரிய பெட்டி, இரண்டாவது எரிவாயு சிலிண்டர், ஒரு மாதத்துக்குக் கட்டும் பொருள், பதிவுச் செலவு, இரண்டு வாரத்துக்குச் சந்தைச் செலவுக்கான கைமுதல். மாதிரிக்கு 90,000 ரூபா என்று வைத்தால் அதில் பாதிக்கு மேல் அந்தக் கைமுதலாகவே இருக்க வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாக, கையிலுள்ள பணம் முழுவதையும் துருப்பிடிக்காத உருக்கு மேசைக்கும் பெரிய அடுப்புக்கும் கொட்டிவிட்டு, மூன்றாம் வாரம் மீன் வாங்கக் கடன் கேட்கிறார்கள். செயலி நிறுவனம் விற்ற பணத்தை அன்றே தராது, தவணையாகவே வங்கியில் இடும் என்பதையும் மறக்க வேண்டாம். தராசை வீண் செலவு என்று எண்ணுவோருக்கு ஒன்று: ஒரு பார்சலுக்கு ஒரு அகப்பை சோறும் ஒரு துண்டு கோழியும் கூடப் போனால், 280 ரூபாச் செலவு 320 ஆகிவிடும். இருபத்துநான்கு பார்சலுக்கு அது நாளொன்றுக்கு 960 ரூபா.

பதிவு விடயத்தில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டிலிருந்து விற்போருக்கும் பொருந்தும். முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்துச் சமையலறையைக் காட்டுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடம் சமையலறையோடு ஒட்டியிருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, வீட்டில் நாய் பூனை உள்ளே வருமா என்பவற்றை அவர் பார்ப்பார். பணம் செலவழிக்குமுன் அவர் சொல்வதைக் கேட்டால் இருமுறை செலவழிக்க நேராது. சமைப்பவரும் உதவியாளரும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். அனுமதிப்பத்திரம் நகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையிலும், எல்லைக்கு வெளியே என்றால் உரிய பிரதேச சபையிலும் கேட்க வேண்டும். வீதியின் ஒரு பக்கம் ஒரு சபை, மறுபக்கம் வேறு சபை என்றிருக்கும் இடங்கள் கண்டியைச் சுற்றி உண்டு. ஆகவே கிராம அலுவலரிடம் முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இரண்டாவது சிலிண்டர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாவானது. பணம் இருந்தாலும் சிலிண்டர் இல்லாமல் மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. எரிபொருளும் கிடைக்காமல் விநியோகமும் முடங்கியது. அந்நாட்களில் வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பு வைத்திருந்தவர்களும், நடந்து போய்க் கொடுக்கக்கூடிய தூரத்தில் வாடிக்கையாளரை வைத்திருந்தவர்களும் அவ்வளவு தடுமாறவில்லை. முதல் பத்து வாடிக்கையாளரை அயலிலேயே தேடுங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுக்கொருமுறை வரும் இன்னொரு தடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எசல பெரஹரா வீதி வலம் வரும் பத்து இரவுகளிலும் நகரின் நடுவிலுள்ள வீதிகள் மூடப்படும், மாலைக்கு முன்பே சனம் வந்து நிறையும். நகரம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாக விற்கலாம் என்று தோன்றும். ஆனால் பார்சல் உள்ளே போக வழியிராது, செயலிக்காரரும் வந்து சேர மாட்டார். அந்நாட்களில் மாலை ஓடர்களை எடுக்காமல், மதியச் சுற்றை 11.15 மணிக்கே புறப்பட வைத்து, மாதக் கட்டணம் கொடுத்தவர்களுக்கு நேரம் மாறுவதை ஒரு கிழமை முன்பே அறிவித்துவிட வேண்டும்.